ஏன் நடந்தது, அதனால் என்ன நடந்தது?
ஐந்து வரிக்குள் ஒரு வரலாற்று விடை

நமது வரலாற்றுச் செயலட்டைகளில் ஒருவகை வினா திரும்பத் திரும்ப வரும். ஒரு நிகழ்வையும் ஓர் ஆண்டையும் தந்து, அதற்கான காரணம் இரண்டும் விளைவு ஒன்றும் கேட்டு, கீழே ஐந்து புள்ளிக்கோடுகள் விட்டிருப்பார்கள். பார்த்தால் இலகுவான வினா. ஆனால் திருத்தி வரும் தாள்களில் அதிகம் சிவப்புக் கோடு விழுவது இந்த இடத்தில்தான்.

அதிலும் வினா நம்முடைய துறைமுகத்தைப் பற்றியது என்றால் திருகோணமலைப் பிள்ளைகள் கூடுதலாகத் தடுமாறுகிறோம். தெரியாததால் அல்ல, நிறையத் தெரிந்திருப்பதால். கோட்டை வாசலைக் கடந்து போய் வருகிறோம். சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பஸ்ஸில் இருந்தே காண்கிறோம். வீட்டில் பெரியவர்கள் கப்பற்படைக் காலத்துக் கதைகள் சொல்கிறார்கள். ஐந்து கோடுகளைக் கண்டதும் இவை எல்லாம் ஒன்றாக முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை பேசப்போகும் விடயம்.

இவ்வருடம் பின்னேரங்களில் தரம் பதினொன்றில் படிக்கும் என் தங்கையும் அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் என்னோடு இருந்து வரலாறு படிக்கிறார்கள். அவர்களின் செயலட்டையில் வந்த ஒரு வினாவையே எடுத்துக்கொள்கிறேன்.

வினா இதுதான்: "1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியமைக்கான காரணங்கள் இரண்டையும், அதன் விளைவு ஒன்றையும் திகதிகளுடன் எழுதுக."

மூவரில் ஒருத்தி எழுதிய விடையை அவளிடம் கேட்டுக்கொண்டே இங்கே தருகிறேன்:

"திருகோணமலை உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம். போர்த்துக்கேயர் 1624இல் இங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782இல் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் பிடித்தனர். 1795இல் கியூ கடிதம் கிடைத்ததால் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1802இல் ஏமியன்ஸ் உடன்படிக்கையால் இலங்கை அவர்களுக்குக் கிடைத்ததும் ஒரு காரணம். 1815இல் கண்டியும் வீழ்ந்தது. 1942இல் யப்பானியர் குண்டு போட்டனர்."

இதில் ஓர் ஆண்டுகூடப் பிழையில்லை. இவ்வளவு திகதிகளை மனதில் வைத்திருப்பது சின்ன விடயமும் அல்ல. ஆனாலும் இந்த விடைக்குப் பெரிதாகப் புள்ளி கிடைக்காது. கேட்டது காரணமும் விளைவும். எழுதியது நிகழ்ச்சிப் பட்டியல். இந்தப் பட்டியலை எப்படி விடையாக்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு கோடு போட்டுப் பிரித்தல்

முதலில் வினாவை மூன்று துண்டாகப் பிரித்து அடிக்கோடிட வேண்டும். எந்த நிகழ்வு? ஆங்கிலேயர் திருகோணமலையைக் கைப்பற்றியது. எப்போது? 1795. என்ன கேட்கிறார்கள்? காரணம் இரண்டு, விளைவு ஒன்று. அந்த நிகழ்வைத் தவிர வேறெதைப் பற்றியும் வினா கேட்கவில்லை. துறைமுகத்தின் வரலாறு என்ன என்று கேட்கவில்லை. யார் யார் ஆண்டார்கள் என்றும் கேட்கவில்லை.

அடுத்ததாக, தாளின் ஓரத்தில் பென்சிலால் நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் நிகழ்வு. நம்முடைய வினாவில் அது 1795 ஓகஸ்ட் மாதம். முன்னால் நடந்தவை கோட்டின் இடப்பக்கம், பின்னால் நடந்தவை வலப்பக்கம். காரணம் இடப்பக்கத்திலிருந்து மட்டுமே வரலாம். விளைவு வலப்பக்கத்திலிருந்து மட்டுமே வரலாம்.

இப்போது அந்தப் பிள்ளையின் விடையைப் பாருங்கள். 1624, 1639, 1782, கியூ கடிதம் ஆகியவை இடப்பக்கம். 1802, 1815, 1942 வலப்பக்கம். ஏமியன்ஸ் உடன்படிக்கை 1802இல் நடந்தது. ஏழு வருடத்துக்குப் பின்னால் நடந்த ஒன்று 1795க்குக் காரணமாக இருக்க முடியாது. ஆண்டைச் சரியாக எழுதிய பிள்ளையே அதைக் காரணம் என்று எழுதியிருக்கிறாள். காரணம் என்னவென்றால், ஆண்டை ஒரு அலங்காரமாகப் பக்கத்தில் வைத்தாளே தவிர, அதைக்கொண்டு எதையும் சரிபார்க்கவில்லை. விடையில் திகதி கேட்கப்படுவது ஞாபகசக்தியைச் சோதிக்க மட்டும் அல்ல. எது முந்தியது, எது பிந்தியது என்று நமக்கே காட்டித் தருவது திகதிதான்.

"அது இல்லாதிருந்தால்?"

இடப்பக்கத்தில் இருப்பவை எல்லாம் காரணம் ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது நடக்காமல் இருந்திருந்தால் 1795இல் ஆங்கிலேயர் இங்கே வந்திருக்க மாட்டார்களா?

போர்த்துக்கேயர் 1624இல் கோட்டை கட்டாமல் விட்டிருந்தால்? அப்போதும் இந்தக் குடா இருந்திருக்கும். ஆங்கிலேயர் அதை விரும்பியிருப்பார்கள். ஆகவே 1624 பின்னணி, காரணம் அல்ல. 1639இல் ஒல்லாந்தர் பிடித்ததும் அப்படியே. ஆங்கிலேயர் வந்தபோது துறைமுகம் யாரிடம் இருந்தது என்பதை அது சொல்கிறது. ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

"இயற்கைத் துறைமுகம்" என்ற வரி கொஞ்சம் சிக்கலானது. அது பாதிதான் தேறும். ஏனென்றால் திருகோணமலை 1795இல் இயற்கைத் துறைமுகமாக மாறவில்லை. அது எப்போதும் அப்படித்தான் இருந்தது. எப்போதும் இருக்கும் ஒன்று, குறித்த ஒரு வருடத்தில் நடந்ததைத் தனியே விளக்க முடியாது. யாருக்கு அது தேவைப்பட்டது, எதற்காகத் தேவைப்பட்டது என்று ஒரு படி கீழே இறங்கிச் சொன்னால்தான் அது காரணமாகும்.

அந்தப் படியைப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பெரிய தளங்களில் ஒன்று சென்னை. ஆனால் அக்காலத்துச் சென்னையில் கப்பல் ஒதுங்கும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆட்களையும் படகுகள்தான் அலைமீறிக் கரைசேர்த்தன. ஒக்டோபரில் வடகீழ்ப் பருவக்காற்றுடன் புயற்காலம் தொடங்கினால் அங்கே நிற்பது ஆபத்து. 1746 ஒக்டோபரில் சென்னைக்கு முன்னால் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் பல ஒரே இரவுப் புயலில் அழிந்து போயின. ஆகவே அந்தக் காலம் நெருங்கும்போது ஆங்கிலேயக் கடற்படை கிழக்குக் கரையை விட்டு, இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விடும். பழுதுபார்த்துத் திரும்பி வர மாதக்கணக்காகும். அந்த இடைவெளியில் வங்காள விரிகுடாவில் காவல் இல்லை.

இந்தக் கடலின் ஓரத்தில், எந்தப் பருவக்காற்றிலும் ஒரு கப்பற்படை முழுவதும் உள்ளே வந்து பத்திரமாக நிற்கக்கூடிய இடம் நமது உட்குடா. ஆங்கிலேயரின் போட்டியாளரான பிரெஞ்சுக்காரர் இதைப் பிடித்தால் என்ன ஆகும்? அதையும் ஆங்கிலேயர் நேரில் கண்டிருந்தார்கள். 1782 ஜனவரியில் அவர்கள் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே நடந்த கடற்சமரிலும் ஆங்கிலேயரால் அதை மீட்க முடியவில்லை. போர் முடிந்த பின் சமாதான உடன்பாட்டின்படி அது மீண்டும் ஒல்லாந்தரிடமே போனது.

இப்போது "இயற்கைத் துறைமுகம்" என்ற வெறும் புகழ்ச்சி, ஒரு காரணமாக உருவெடுத்துவிட்டது: கிழக்குக் கரையில் ஒதுங்க இடமில்லாத ஆங்கிலேயக் கடற்படைக்கு இத்துறைமுகம் தேவை, அது எதிரியின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 1782 காட்டியிருந்தது. இதைத்தான் நீண்டகாலக் காரணம் என்கிறோம்.

நீண்டகாலக் காரணமும் உடனடிக் காரணமும்

தேவை இருந்தது சரி. அப்படியானால் 1785இலோ 1790இலோ ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது உடனடிக் காரணம். காரணம் இரண்டு கேட்டால், ஒன்று நீண்டகாலமானதாகவும் மற்றது உடனடியானதாகவும் இருப்பது நல்லது. இரண்டும் ஒரேவகையாக இருந்தால், பெரும்பாலும் ஒரே விடயத்தை இரண்டு விதமாகச் சொல்லியிருப்போம். "துறைமுகம் முக்கியமானது" என்றும் "அமைவிடம் சிறந்தது" என்றும் எழுதுவது இரண்டு காரணம் அல்ல, ஒன்று.

உடனடிக் காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்த போரில், 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. அங்கே பிரான்சுக்குச் சார்பான குடியரசு ஒன்று ஏற்பட, ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். ஒல்லாந்து பிரான்சின் பக்கம் போனால், ஒல்லாந்தர் கையில் இருக்கும் திருகோணமலையும் அந்தப் பக்கம் போகும். ஆங்கிலேயருக்கு 1782 திரும்ப வரப்போகிறது என்ற அச்சம்.

இங்கே கியூ கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் முதற்காரணமாக எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் கியூ என்ற இடத்தில் தங்கியிருந்த வில்லியம், 1795 பெப்ரவரியில் ஒல்லாந்தரின் கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரர் பிடிக்காமல் இருக்க ஆங்கிலேயப் படைகளை உள்ளே அனுமதிக்கும்படி கேட்பதுதான் அதன் சாரம்.

"கியூ கடிதம் கிடைத்ததால் ஆங்கிலேயர் கைப்பற்றினர்" என்ற வாக்கியத்தை மெதுவாக வாசித்துப் பாருங்கள். கடிதத்தை ஏற்று வாசலைத் திறந்து விட்டிருந்தால் கைப்பற்ற என்ன இருக்கிறது? உண்மையில் இங்கே வாசல் திறக்கவில்லை. 1795 ஓகஸ்ட் முதலாம் திகதி ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. கோட்டையின் ஒல்லாந்தத் தளபதி அவர்களை உள்ளே விட மறுத்ததால் படை இறங்கி முற்றுகையிட்டது. ஓகஸ்ட் 26ஆம் திகதிதான் கோட்டை சரணடைந்தது. துறைமுக வாயிலில் இருந்த ஒஸ்டன்பேர்க் கோட்டை அந்த மாத முடிவில் பணிந்தது. ஆகவே கடிதம் ஆங்கிலேயருக்கு உரிமை கோர ஒரு சாட்டைக் கொடுத்தது; அவர்கள் இறங்கியதற்கான அச்சத்தைக் கொடுத்தது ஜனவரியில் ஒல்லாந்து வீழ்ந்தமை.

காரணத்துக்கும் சாட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவும் மேலே சொன்ன கேள்வியே போதும். கடிதம் எழுதப்படாமல் இருந்திருந்தால்? கடிதமே இல்லாத 1782இலும் அவர்கள் வந்து பிடித்தார்கள் அல்லவா? ஒல்லாந்து பிரான்சின் பிடிக்குள் போகாமல் இருந்திருந்தால்? அப்போது தம் நட்பு நாட்டின் துறைமுகத்தைப் பிடிக்க அவர்களுக்கு அவசரம் இருந்திராது. எந்த நூல் துண்டிக்கப்பட்டால் நிகழ்வு அவிழ்கிறதோ அதுதான் காரணம். கியூ கடிதத்தை விடையில் எழுதவே கூடாது என்பதல்ல. ஒல்லாந்து வீழ்ந்ததைச் சொல்லிவிட்டு, அதன் தொடர்ச்சியாகச் சொன்னால் பொருந்தும். தனியே அதை மட்டும் எழுதினால்தான் விடை குறைப்பட்டு நிற்கும்.

விளைவு: எத்தனை படி தள்ளி?

வலப்பக்கத்துக்கு வருவோம். 1796, 1802, 1815, 1942 என்று நிறைய இருக்கின்றன. பின்னால் நடந்த எல்லாம் விளைவு அல்ல. நிகழ்விலிருந்து அது எத்தனை படி தள்ளி நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருகோணமலை கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் அதே படையெடுப்பைத் தொடர்ந்தார்கள். செப்டெம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் வீழ்ந்தன. ஒல்லாந்தரின் கரையோரப் பிரதேசங்கள் முழுவதும் ஆங்கிலேயர் வசமாகின. இது ஒரே படி. நடுவில் வேறு காரணம் எதையும் செருகத் தேவையில்லை.

1802 ஏமியன்ஸ் உடன்படிக்கை இரண்டாவது படி. போரில் பிடித்ததைச் சட்டப்படி தமதாக்கிக்கொண்டது அதில்தான். இங்கே ஒரு ஒப்பீடு உதவும். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையையும் பிடித்திருந்தார்கள். 1802இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இலங்கையின் கரையோரத்தைக் கொடுக்கவில்லை. நாம் முதலாவதாக எழுதிய நீண்டகாலக் காரணம் எவ்வளவு பலமானது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே 1802ஐ விளைவாக எழுதினால் அதுவும் பொருந்தும். அந்தப் பிள்ளையின் விடையில் இருந்த பிழை அதை இடப்பக்கத்தில் வைத்ததுதான்.

1815 அப்படியல்ல. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் போனதற்கு, கரையோரம் அவர்களிடம் இருந்ததும் உதவியது என்பது உண்மை. ஆனால் நடுவில் இருபது வருடம் இருக்கிறது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே வளர்ந்த பகை போன்ற வேறு காரணங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் 1795இன் விளைவு 1815 என்றால் அது பாய்ச்சல். சொல்லப்போனால் ஐந்து கோடுகள் போதாது. குறுவிடைக்குப் பக்கத்துப் படியே பாதுகாப்பானது. 1942இல் யப்பானியர் குண்டு போட்டதோ வேறு ஒரு போரின் கதை.

திகதி எவ்வளவு வேண்டும்?

சிலர் ஒவ்வொரு வரிக்கும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதி இடத்தை நிரப்புகிறார்கள். சிலர் "பிற்காலத்தில்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: முந்தியது எது, பிந்தியது எது என்று காட்ட எவ்வளவு நுணுக்கம் தேவையோ அவ்வளவு போதும்.

1782க்கும் 1795க்கும் ஆண்டு போதும். ஆனால் ஒல்லாந்து வீழ்ந்ததும் திருகோணமலை வீழ்ந்ததும் ஒரே ஆண்டில். இரண்டுக்கும் 1795 என்று மட்டும் எழுதினால் எது எதற்குக் காரணம் என்று தெரியாது. இங்கே "ஜனவரி", "ஓகஸ்ட்" என்று மாதம் கட்டாயம்.

நாளே தேவைப்படும் இடமும் உண்டு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும் ஏப்ரல் 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அதே ஏப்ரல் 9இல் ஹேர்மீஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பல பிள்ளைகள் திருகோணமலைக் குண்டுவீச்சின் விளைவு ஹேர்மீஸ் மூழ்கியது என்று எழுதுவார்கள். ஆனால் தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை கிடைத்ததால் அந்தக் கப்பல் முந்திய இரவே, அதாவது ஏப்ரல் 8இலேயே, துறைமுகத்தை விட்டு வெளியேறிவிட்டது. குண்டுவீச்சு அதை மூழ்கடிக்கவில்லை. அன்று வந்த அதே யப்பானியக் கடற்படையின் இன்னொரு தாக்குதல் மூழ்கடித்தது. ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள் அவை. ஒன்று மற்றதன் விளைவல்ல. "ஏப்ரல் 1942" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணிலேயே பட்டிருக்காது.

எழுதிப் பார்ப்போம்

இனி அந்த ஐந்து கோடுகளை நிரப்பலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்திலும் திகதி, நடந்தது, அது நிகழ்வோடு எப்படித் தொடுக்கப்படுகிறது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். "ஒல்லாந்தர் பலவீனமாக இருந்தனர்" என்றால், அதனால் என்ன என்று வாசிப்பவர் கேட்பார். "ஆகவே", "அதனால்", "என அஞ்சினர்" போன்ற ஒரு தொடுப்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

அவர்கள் மூவரும் சேர்ந்து கடைசியாக எழுதிய விடை இது:

"காரணம் 1: பருவப் புயற்காலத்தில் ஒதுங்க ஆங்கிலேயருக்குச் சென்னைக் கரையில் துறைமுகம் இருக்கவில்லை, 1782இல் திருகோணமலை பிரெஞ்சுக்காரரிடம் போனபோது அதன் ஆபத்தைக் கண்டதால் இத்துறைமுகத்தைத் தம்வசமாக்க விரும்பினர்.

காரணம் 2: 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைக் கைப்பற்றியதால், ஒல்லாந்தரிடமிருந்த திருகோணமலையும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகும் என அஞ்சினர்.

விளைவு: 1795 ஓகஸ்டில் திருகோணமலையில் தொடங்கிய படையெடுப்பு 1796 பெப்ரவரியில் கொழும்புடன் முடிய, ஒல்லாந்தரின் கரையோரப் பிரதேசங்கள் ஆங்கிலேயர் வசமாகின."

மூன்று வாக்கியங்கள். முதல் விடையில் இருந்த ஏழில் பாதித் திகதிகளும் இதில் இல்லை. ஆனால் இருக்கும் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முன்னுரை இல்லை, "இவ்வாறாக" என்று தொடங்கும் முடிவுரையும் இல்லை. குறுவிடைக்கு அவை தேவையில்லை. எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பின்னும் வினாவுக்கு விடை குறையவில்லை என்றால் அந்த வாக்கியம் வேண்டாத வாக்கியம்.

பழைய விடை எழுதிய பிள்ளைக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. "ராத்தா, 1624உம் 1639உம் பாடமாக்கியது வீணா?" என்று கேட்டாள். வீணில்லை. "போர்த்துக்கேயர் ஏன் திருகோணமலையில் கோட்டை கட்டினர்?" என்று வினா வந்தால் 1624தான் நடுக்கோடு. அப்போது 1795 வெளியே நிற்கும். எந்த விடயமும் தன்னளவில் பொருத்தமானதோ பொருத்தமற்றதோ அல்ல. கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே அது உள்ளே வரும் அல்லது வெளியே நிற்கும்.

விளைவு யாருக்கு?

கடைசியாக ஒன்று. இது பெற்றோருக்கும் உரியது.

1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை நமது நாட்டிடம் ஒப்படைத்தார்கள். இதற்கும் அதே கோட்டைப் போடலாம். இடப்பக்கத்தில், சுதந்திரத்துக்கு முன் 1947இல் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கை இருக்கிறது. சுதந்திரத்தின் பின்னும் அவர்கள் இங்கே தங்கியிருந்தது அதன்படிதான். 1956இல் பதவிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அணிசேராக் கொள்கையும் இடப்பக்கத்தில் இருக்கிறது. இதுவே உடனடிக் காரணம். வலப்பக்கத்தில் நாம் எழுதும் விளைவு, நாட்டில் அந்நியத் தளம் இல்லாமல் போனது. செயலட்டைக்கு இது சரியான விடை.

ஆனால் நமது நகரத்தில் இன்னொரு விளைவும் இருந்தது. கடற்படைத் தளத்திலும் அதன் பட்டறைகளிலும் வேலை செய்த குடும்பங்களுக்கு அந்த வேலை போனது. நாட்டுக்கு நன்மையாக வந்த ஒரு நிகழ்வு, துறைமுகத்துக்கு அருகில் இருந்த சில அடுப்புகளுக்கு வேறு மாதிரி வந்தது. இரண்டும் உண்மை. இரண்டும் 1957 ஒக்டோபரின் வலப்பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே படி தூரத்தில்தான் நிற்கின்றன. வினா "நாட்டுக்கு ஏற்பட்ட விளைவு" என்று கேட்டால் முதலாவதை எழுத வேண்டும். "திருகோணமலை மக்களுக்கு" என்று கேட்டால் இரண்டாவதை எழுத வேண்டும். யாருக்கு என்று வினாவில் அடிக்கோடிடாத பிள்ளை இந்த இடத்தில் வழுக்கி விழுவாள்.

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை விளைவுகள்தான். அவற்றில் திகதி இருக்காது. "வெள்ளைக்காரன் போன வருஷம்", "உன் மாமா பிறந்த வருஷம்" என்றுதான் இருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு கதை வந்தால், பிள்ளைகள் அந்த வருடம் எது என்று கேட்கட்டும். பெரியவர்கள் மாமாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லட்டும். ஆண்டு தெரிந்தவுடன் அந்தக் கதையையும் கோட்டின் ஒரு பக்கத்தில் வைத்துவிடலாம்.